துணை மின் நிலையத்தின் வேலிக்குள்

ஊருக்கு வெளியே, வயல்களுக்கும் சாலைக்கும் நடுவே, கம்பி வேலிக்குள் ஜல்லி பரப்பிய ஒரு திடல். அதுதான் கிராமத்துத் துணை மின் நிலையம். ஊர்வழக்கில் சப்-ஸ்டேஷன். தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் இவற்றுள் பல 33/11 கிலோவோல்ட் வகையைச் சேர்ந்தவை. 33,000 வோல்ட்டில் உள்ளே வரும் மின்சாரம் 11,000 வோல்ட்டாகக் குறைந்து, நான்கைந்து பாதைகளாகப் பிரிந்து வெளியேறுகிறது. இந்தப் பாதைகளைத்தான் பீடர் என்கிறார்கள். இங்கிருந்து வீடுகளுக்கு நேரே 230 வோல்ட் போவதாகப் பல மாணவர் அறிக்கைகளில் எழுதப்படுவது தவறு. அந்தக் கடைசிக் குறைப்பு, தெருமுனைக் கம்பங்களில் நிற்கும் சிறிய டிரான்ஸ்பார்மர்களின் வேலை.

பார்வையிடப் போகும் மாணவர் மின்சாரம் நடக்கும் வழியிலேயே நடந்து பார்த்தால் எந்தக் கருவி எதற்காக அந்த இடத்தில் நிற்கிறது என்பது தானாகப் புரியும். வழி தொடங்குவது வாசற்படி போல் நிற்கும் இரும்புச் சட்டத்தில். வரும் கம்பிகளை இழுத்துப் பிடித்திருக்கும் பீங்கான் தட்டுகளை எண்ணிப் பார்க்கலாம். 33 கிலோவோல்ட் பக்கத்தில் வழக்கமாக ஒரு சரத்துக்கு மூன்று தட்டுகள் இருக்கும். 11 கிலோவோல்ட் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றே போதும். தட்டின் அடியில் மடிப்பு மடிப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. மழையில் மேற்பரப்பு முழுவதும் நனைந்தாலும் மடிப்புக்குள் காய்ந்த இடம் கொஞ்சம் மிஞ்சும். மின்கசிவு அங்கே தடைபட்டு நிற்கும்.

அதையொட்டி ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றாக மூன்று இடிதாங்கிகள் நிற்கின்றன. பீங்கான் உறைக்குள் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். வழக்கமான அழுத்தத்தில் இந்த வில்லைகள் மின்சாரத்தை ஏறக்குறைய விடுவதே இல்லை. மின்னல் தாக்கி அழுத்தம் எகிறும் கணத்தில் மட்டும் வழிவிட்டு, அந்த அலையை மண்ணுக்குள் இறக்கிவிட்டு மறுபடி மூடிக்கொள்கின்றன. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலும் இன்னொரு தொகுதி இருக்கும். விலையுயர்ந்த பொருளுக்கு எவ்வளவு நெருக்கமாக நிற்கிறதோ அவ்வளவு நன்றாக இடிதாங்கி அதைக் காக்கும்.

அடுத்து வரும் இரண்டு கருவிகளை மாணவர்கள் அடிக்கடி ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். ஐசோலேட்டர் என்பது திறந்தவெளியில் கத்திபோல் மடங்கித் திறக்கும் இணைப்பு. பாதை துண்டிக்கப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. ஓடும் மின்சாரத்தை வெட்டும் வலு அதற்குக் கிடையாது. சுமை இருக்கும்போது அதைத் திறந்தால் இரண்டு முனைகளுக்கும் நடுவே தீப்பிழம்பு நீண்டு, திறப்பவரையே சுட்டுவிடும். வெட்டுவது பிரேக்கரின் வேலை. ஆகவே நிறுத்தும்போது முதலில் பிரேக்கர், பிறகு ஐசோலேட்டர். இணைக்கும்போது முதலில் ஐசோலேட்டர், கடைசியில் பிரேக்கர். இந்த வரிசை மாறாமலிருக்கப் பல இடங்களில் பூட்டு அமைப்பும் இருக்கும்.

திடலின் நடுவே நிற்கும் பெரிய உருவம் பவர் டிரான்ஸ்பார்மர். எடுத்துக்காட்டாக 5 எம்.வி.ஏ. திறன் கொண்டதை வைத்துப் பார்க்கலாம். முழுச் சுமையில் 33 கிலோவோல்ட் பக்கம் சுமார் 87 ஆம்பியர்தான் ஓடும். 11 கிலோவோல்ட் பக்கம் அது சுமார் 262 ஆம்பியர் ஆகிவிடுகிறது. அழுத்தம் மூன்றில் ஒன்றாகக் குறைந்ததால் மின்னோட்டம் மூன்று மடங்கானது. வெளியேறும் பக்கத்துக் கம்பிகள் தடித்திருப்பதற்கு இதுவே காரணம். உள்ளே இரும்பு உள்ளகமும் செம்புச் சுருள்களும் எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. எண்ணெய் மின்கசிவைத் தடுக்கிறது, சூட்டையும் சுமந்து போய்ப் பக்கவாட்டு ரேடியேட்டர் தகடுகளில் ஆற்றுகிறது.

பகலில் சூடேறி விரியும் எண்ணெய்க்கு இடம் தருவது மேலே படுத்திருக்கும் உருளைத் தொட்டி. இரவில் எண்ணெய் சுருங்கும்போது அந்தத் தொட்டி வெளிக்காற்றை உறிஞ்சும். அந்தக் காற்றோடு ஈரமும் உள்ளே போனால் எண்ணெயின் தடுப்புத் திறன் சரிந்துவிடும். அதற்காகத்தான் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் நுனியில் ஒரு கண்ணாடிக் குடுவை தொங்குகிறது. ஆள் நின்று பார்க்கும் உயரத்திலேயே இருக்கும். உள்ளே சிலிக்கா ஜெல் மணிகள். காய்ந்திருக்கும்போது நீலம், ஈரத்தைக் குடித்துக் களைத்துவிட்டால் வெளிர் சிவப்பு. பெரும்பகுதி சிவந்துவிட்டால் மாற்ற வேண்டும் அல்லது வறுத்து உலர்த்த வேண்டும். இத்தனை பெரிய இயந்திரத்தின் உடல்நிலையைத் தொடாமலே ஒரு பார்வையில் சொல்லக்கூடிய இடம் இந்தக் குடுவைதான். அறிக்கையில் இதன் நிறத்தை எழுதும் மாணவர் உண்மையிலேயே பார்த்தவர் என்று தெரிந்துவிடும்.

டிரான்ஸ்பார்மருக்கும் மேல்தொட்டிக்கும் நடுவே குழாயில் பொருத்தப்பட்ட சிறு இரும்புப் பெட்டி புக்ஹோல்ஸ் ரிலே. உள்ளே சுருளில் எங்காவது சிறு கோளாறு தொடங்கினால் எண்ணெய் மெல்லச் சிதைந்து வாயுக் குமிழிகள் மேலேறும். அவை பெட்டியில் சேர்ந்ததும் மிதவை இறங்கி எச்சரிக்கை மணி அடிக்கும். பெரிய கோளாறு என்றால் எண்ணெய் திடீரெனப் பாய்ந்து இன்னொரு மிதவையைத் தள்ளும், உடனே பிரேக்கர் திறந்துவிடும். வெளியே நடக்கும் கோளாறு எதற்கும் இந்தப் பெட்டி பதில் சொல்லாது. அது டிரான்ஸ்பார்மரின் வயிற்றை மட்டுமே கவனிக்கிறது.

வெளியே நடப்பதைக் கவனிக்க வேறு கருவிகள் இருக்கின்றன. 11,000 வோல்ட்டை எந்த மீட்டரிலும் நேரே இணைக்க முடியாது. பி.டி. என்னும் சிறு மின்மாற்றி அதை 110 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. சி.டி. மின்னோட்டத்தைக் குறைக்கிறது. 200/5 என்று எழுதிய சி.டி.யில், பாதையில் 200 ஆம்பியர் ஓடினால் கட்டுப்பாட்டு அறைக்கு 5 ஆம்பியர் வரும். பாதையில் மின்சாரம் ஓடும்போது சி.டி.யின் சிறு பக்க இணைப்பைத் திறந்துவிடக் கூடாது. திறந்தால் அதன் முனைகளில் உயிரை எடுக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறிவிடும்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் மின்சாரம் பொதுக் கம்பியில் சேர்ந்து, அங்கிருந்து பீடர்களாகப் பிரிகிறது. வரும் வழியில் ஒரு பிரேக்கர், ஒவ்வொரு பீடருக்கும் தனித்தனிப் பிரேக்கர். இப்போது பெரும்பாலும் வெற்றிட வகையே இருக்கிறது. காற்று வெளியேற்றப்பட்ட பீங்கான் குடுவைக்குள் இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். திறக்கும்போது அவை சில மில்லிமீட்டர் மட்டுமே விலகுகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் தீப்பொறி அணையும். மறுபடி பற்றிக்கொள்ள அங்கே காற்று இல்லை.

இவையெல்லாம் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க ஒரு காற்று நாள் வேண்டும். ஒரு பீடரில் சில கிலோமீட்டர் தள்ளித் தென்னை மட்டை விழுந்து இரண்டு கம்பிகளை ஒட்டவைக்கிறது என்று கொள்ளலாம். அந்தப் பாதையில் 1,500 ஆம்பியர் பாய்கிறது. 200/5 சி.டி. அதை 37.5 ஆம்பியராக ரிலேக்குச் சொல்கிறது. ரிலேயின் வரம்பு 200 ஆம்பியர் என்றால் இது ஏழரை மடங்கு. மின்னோட்டம் எத்தனை மடங்கு மீறுகிறதோ அத்தனை சீக்கிரம் செயல்படும் வகை இது. கால அமைப்பு 0.1 என்று வைத்திருந்தால் சுமார் 0.34 நொடியில் திறக்கச் சொல்லிவிடும். இதே மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரின் முதன்மைப் பிரேக்கர் வழியாகவும் ஓடுகிறது. ஆனால் அதன் ரிலே 300 ஆம்பியர் வரம்பிலும் 0.15 கால அமைப்பிலும் வைக்கப்பட்டிருந்தால், செயல்பட ஏறக்குறைய 0.64 நொடி ஆகும். இடையிலுள்ள 0.3 நொடிக்குள் பீடர் பிரேக்கர் வெட்டி முடித்துவிடுவதால் முதன்மை ரிலே பின்வாங்கிவிடுகிறது. மட்டை விழுந்த பாதை மட்டும் இருளும், மற்ற ஊர்களில் விளக்கு ஒருமுறை மங்கி மீளும். மங்கியதையே சிலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

வெட்டும் உத்தரவு போகும் கணத்தில் நிலையத்தின் மின்னழுத்தமே சரிந்து கிடக்கும். ஆகவே பிரேக்கரைத் திறக்க அந்த மின்சாரத்தை நம்ப முடியாது. இதற்காகத்தான் கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் பேட்டரி அறை இருக்கிறது. மாணவர் அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துபோகும் அறை அது. 110 வோல்ட் வேண்டுமென்றால் 2 வோல்ட் செல்கள் 55 வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். பிரேக்கரைத் திறக்கும் வலு ஏற்கெனவே முறுக்கி வைத்த ஸ்பிரிங்கில் இருக்கிறது. பேட்டரி கொடுப்பது கொக்கியை விடுவிக்கும் சிறு உதை மட்டுமே. ஆனால் அந்த உதை இல்லாவிட்டால் சி.டி. சரியாக அளந்தும் ரிலே சரியாகச் சொல்லியும் பிரேக்கர் அசையாது. கோளாறு மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரைச் சுட்டுக்கொண்டே இருக்கும். தொலைவிலுள்ள மேல்நிலையம் கவனித்து வெட்டும் வரை அதை யாரும் நிறுத்த முடியாது.

பேட்டரியின் நோய் எளிதில் வெளியே தெரிவதில்லை. சும்மா இருக்கும்போது வோல்ட் மீட்டர் 110 காட்டும். முனையில் வெள்ளை உப்புப் படிந்து இணைப்புத் தளர்ந்திருந்தால், உதைக்க வேண்டிய கணத்தில்தான் அழுத்தம் படுத்துவிடும். எனவே செல் செல்லாக அளவெடுப்பதும், அமிலத்தின் அடர்த்தியைப் பார்ப்பதும், முனைகளைத் துடைத்து வாசலின் தடவுவதும் வழக்கம். பிரேக்கர் பலகையில் 'ட்ரிப் சர்க்யூட் ஹெல்தி' என்ற சிறு விளக்கு, உதைக்கும் பாதை அறுபடாமல் இருப்பதைச் சொல்லும். அது எரியாவிட்டால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இத்தனை காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. கம்பி அறுந்து காய்ந்த மணலிலோ தார்ச்சாலையிலோ விழுந்தால், மண் வழியாகச் சில ஆம்பியர் மட்டுமே ஓடக்கூடும். நிலத்தொடர்புக் கோளாறைப் பார்க்கும் ரிலே 40 ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தால் அதற்கு இது தெரியவே தெரியாது. பிரேக்கர் மூடியே இருக்கும், கம்பியில் உயிர் இருக்கும். கீழே கிடக்கும் கம்பி தீப்பொறி விடவில்லை என்பதால் மின்சாரம் நின்றுவிட்டது என்று நினைத்து நெருங்கினால் ஆபத்து. நிலையத்துக்குள் பரப்பிய ஜல்லியும் இதே அச்சத்துக்கான ஏற்பாடுதான். கோளாறு நேரத்தில் மண்ணில் ஓரடிக்கு ஓரடி அழுத்தம் மாறும். ஜல்லி நனைந்திருந்தாலும் மின்சாரத்தை எளிதில் விடாததால், இரு கால்களுக்கும் நடுவே உடல் வழியாக ஓடுவது குறைகிறது.

மட்டை விழுந்த பாதைக்குத் திரும்பலாம். பழைய ரிலேயில் ஒரு சிறு கொடி விழுந்து எந்தக் கம்பிகளில் கோளாறு என்று காட்டும். புதியவற்றில் திரையில் எழுத்தாக வரும். பணியாளர் ஒருமுறை பிரேக்கரை மூடிப் பார்க்கிறார். மட்டை தானாக விழுந்திருந்தால் பாதை நிற்கும். மறுபடி வெட்டிக்கொண்டால் ஆள் போயாக வேண்டும். பிரேக்கர் திறந்து, ஐசோலேட்டரும் திறந்து, பாதையை மண்ணோடு இணைத்த பிறகுதான் எல்.சி. எனப்படும் அனுமதி எழுத்தில் வழங்கப்படுகிறது. மட்டையை எடுத்து, மண் இணைப்பைக் கழற்றி, எல்.சி.யை எழுத்தில் திருப்பிக் கொடுத்ததும் ஐசோலேட்டர் மூடப்படும். கடைசியாகப் பிரேக்கர். வெட்டிய நேரமும் விழுந்த கொடியும் மீண்ட நேரமும் லாக் புக்கில் ஏறுகின்றன.