தேன் போத்தலும் கைக்குழந்தையும்

எல்ல, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் தொண்டைக் கரகரப்பும் கூடவே வந்துவிடும். தோட்டத்து வீடுகளில் அதற்கான முதல் மருந்து டிஸ்பென்சரியிலிருந்து வருவதில்லை, அடுப்பிலிருந்து வருகிறது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீரில் கொஞ்சம் தேன் கலந்து கொடுப்பார்கள். பெரியவர்களுக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் இது நல்ல வைத்தியம். அதே தேனை ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தடவுவது ஆபத்து. இந்த நன்மைக்கும் ஆபத்துக்கும் தேனின் ஒரே குணம்தான் காரணம்.

முதலில் நல்லதைப் பார்ப்போம். ஊவாவில் தேனுக்குக் குறைவில்லை. பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. மலைச்சரிவுகளில் நட்ட யூக்கலிப்டஸ் மரங்கள் பூக்கும்போது பெட்டித் தேனீக்களுக்கு நல்ல விளைச்சல். இதே பதுளை மாவட்டத்தில் மகியங்கனைப் பக்கத்துத் தம்பானையில் வாழும் வேடர்கள் காட்டுத்தேன் எடுப்பதில் பேர்பெற்றவர்கள்.

கசாயம் வைக்கும் முறை எளிது. ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பைத் தட்டிப்போட்டு, இரண்டு கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை கொதிக்க விடுங்கள். வடித்து, வாய் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி தேன் சேருங்கள். தேனைக் கொதிக்கும் கசாயத்தில் ஊற்றினால் அதன் மணமும் அதிலுள்ள நொதிகளும் கெட்டுவிடும். சிலர் துளசியோ கற்பூரவள்ளியோ இரண்டு இலை போடுவார்கள், தவறில்லை. ஆடாதோடை இலை போடும் வீடுகள் ஒன்றை மறக்கக் கூடாது. அதிலுள்ள வாசிசின் என்ற பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது, ஆகவே கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம்.

இதில் தொண்டைக்கு இதம் தருவதில் பெரும்பங்கு தேனுடையது. அது கெட்டியாக இருப்பதால் புண்பட்ட தொண்டைச் சவ்வின்மேல் படிந்து நிற்கிறது. இனிப்பு உமிழ்நீரை ஊறவைக்கிறது, அடிக்கடி விழுங்க வைக்கிறது, வறட்டு இருமலின் அரிப்பு அடங்குகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருமலும் சளியுமாக வந்த 105 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்திருந்தார்கள். சிலருக்குப் படுக்கப்போகும் முன் ஒரு தடவை தேன், சிலருக்கு டெக்ஸ்ட்ரோமெதோர்பன் என்ற இருமல் மருந்து, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமே கொடுக்காத பிள்ளைகளைவிடத் தேன் குடித்தவர்கள் நன்றாக உறங்கினார்கள், இருமலும் குறைந்தது. இருமல் மருந்தோடு ஒப்பிட்டால் தேன் பின்தங்கவில்லை. அங்கே கொடுத்த அளவு நமக்கும் பொருந்தும்: இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை அரைத் தேக்கரண்டி, ஆறிலிருந்து பதினொன்றுவரை ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் இரண்டு.

ஆனால் தேன் இதம் தருமே தவிர நோயை விரட்டாது. பெரும்பாலான தொண்டைவலி வைரசால் வருவது, ஒரு வாரத்தில் தானே போய்விடும். பள்ளிப் பிள்ளைக்கு இருமலே இல்லாமல் காய்ச்சலும் கடுமையான தொண்டைவலியும் வந்து, தாடைக்குக் கீழே நெரிகட்டி நொந்தால் அது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவாக இருக்கலாம். கவனியாமல் விட்டால் வாதக்காய்ச்சலாகி இருதய வால்வுகளைக் கெடுக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம், ஆனால் டாக்டரிடமும் காட்டியாக வேண்டும்.

இனிக் கைக்குழந்தைக்கு வருவோம்.

தேன் ஏன் கெடுவதில்லை? அதைக் கெட்டியாக்கித் தொண்டைக்கு இதம் தரும் அதே சர்க்கரைச் செறிவால்தான். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அந்தக் கொஞ்சத் தண்ணீரையும் சர்க்கரை இறுக்கிப் பிடித்திருப்பதால் கிருமிக்குக் குடிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. போதாததற்கு அது புளிப்புத் தன்மை கொண்டது. ஆகவே பக்டீரியா தேனில் பெருக முடியாது. ஆனால் பெருக முடியாது என்பதும் சாகும் என்பதும் ஒன்றல்ல. குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற மண்வாழ் பக்டீரியா, நிலைமை சரியில்லாதபோது தன்னைச் சுற்றித் தடித்த உறை கட்டிக்கொண்டு வித்தியாகிவிடும். காய்ந்த நெல்மணியைப்போல, உயிரை உள்ளே அடக்கிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். தூசியோடு தேனுக்குள் விழுந்த வித்தியைத் தேனால் கொல்ல முடிவதில்லை, தூங்கத்தான் வைக்கிறது.

நீங்களும் நானும் அந்தத் தேனைச் சாப்பிட்டால் வித்தி குடல் வழியே போய் வெளியேறிவிடும். நம் பெருங்குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. சில மாதக் குழந்தையின் குடலில் அந்தக் குடியேற்றம் இன்னும் முடிந்திருக்காது. காற்றில்லாத, வெதுவெதுப்பான, போட்டியில்லாத இடம். வித்தி அங்கே முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து, நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் முனையில் போய்ப் பூட்டுப் போடுகிறது. நரம்பு சொல்வது தசைக்குக் கேட்பதில்லை.

இது ஒரு தனி நோய் என்று மருத்துவ உலகம் கண்டுகொண்டது 1976இல், கலிபோர்னியாவில். காரணம் புரியாமல் தளர்ந்துபோன குழந்தைகளின் மலத்தில் இந்தப் பக்டீரியாவும் அதன் நஞ்சும் இருந்தன. ஸ்டீவன் ஆர்னன் என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் வீடு வீடாகத் தேடினார்கள். குழந்தைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அந்த உணவுகளை எல்லாம் சோதித்தார்கள். வித்தி கிடைத்த ஒரே உணவு தேன். கடையில் வாங்கிய தேன் உட்படச் சோதித்த 90 மாதிரிகளில் 9இல் வித்தி இருந்தது. 1979இல் அதை வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்ற எச்சரிக்கை உலகெங்கும் பரவியது. இன்று இந்த நோய் வரும் குழந்தைகளில் பலர் தேன் தொடாதவர்கள், அவர்களுக்கு அது மண், தூசி வழியாக வந்தது. தேன் மட்டும்தான் நம் கையால் தடுக்கக்கூடிய வழி. தடுக்காவிட்டால் என்னாகும் என்பதற்கு 2018 சாட்சி. அந்த வருடம் அமெரிக்காவின் டெக்சாஸில் நான்கு குழந்தைகள் இதே நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நால்வரும் உள்ளே தேன் அடைத்த சூப்பானைச் சப்பியவர்கள்.

நம் வீடுகளில் தேன் குழந்தையிடம் போகும் வழிகள் வேறு. பிறந்ததும் நாக்கில் தொடும் சேனைத் தண்ணீர், வசம்பும் மாசிக்காயும் சாதிக்காயும் உரசிக் கொடுக்கும் உரைமருந்து, சூரணம் குழைக்கும் தேன். சளி பிடித்த குழந்தையைப் பார்த்து மனம் கேளாமல் அம்மாயி சொல்வது: "நல்லா அவிச்சு ஆத்தின தண்ணியிலதான கலக்குறேன் புள்ள, ஒண்ணும் செய்யாது." இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. இந்த வித்தி கொதிநீரில் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதை நிச்சயமாகக் கொல்ல உயர் அழுத்தத்தில் 121 பாகை சூடு வேண்டும். எல்ல கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 பாகைக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நேரம் அவித்தாலும் பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. தேன் சுத்தமா, கலப்படமா என்பதும் இதில் பேச்சே இல்லை. கண் முன்னே அடையிலிருந்து பிழிந்த தேனிலும் வித்தி இருக்கலாம், நிறமோ மணமோ சுவையோ அதைக் காட்டிக்கொடுக்காது.

நோய் உடனே தெரியாது. தேன் கொடுத்து மூன்று நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கல். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் வெளிக்குப் போகாமலிருப்பது சாதாரணம், அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் கூடவே பால் இழுக்கும் வேகம் குறைகிறதா, அழுகைக் குரல் மெலிகிறதா, இமை பாதி மூடியே கிடக்கிறதா, முகத்தில் சிரிப்பில்லையா, நின்ற கழுத்து மறுபடி தொங்குகிறதா என்று பாருங்கள். தளர்ச்சி தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும். கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, அதனால்தான் வீட்டார் சோர்வு என்று நினைத்து நாளைக் கடத்துகிறார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சுக்கும் உணவுக்கும் துணை கிடைத்தால் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் பிழைத்து முழுதாகத் தேறுகிறார்கள். நரம்பு முனை திரும்பத் துளிர்க்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

தேனை ஒருமுறை நக்கிவிட்ட குழந்தைக்கெல்லாம் இது வருவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இனிக் கொடுக்காமல் நிறுத்தி, ஒரு மாதம் கவனியுங்கள், அது போதும். பால் கொடுக்கும் தாய் தாராளமாகத் தேன் சாப்பிடலாம். வித்தி தாய்ப்பாலில் இறங்காது.

அப்படியானால் சளி பிடித்த கைக்குழந்தைக்கு என்ன செய்வது? ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே உணவும் மருந்தும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்புக்கு டிஸ்பென்சரியில் உப்புநீர்ச் சொட்டு கேளுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ ஆஸ்பத்திரிதான்.

தளர்ந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதென்றால் பஸ்ஸுக்கோ தோட்டத்து லொறிக்கோ காத்திருக்க வேண்டாம், 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கண்டதும், கேட்கும்வரை பொறுக்காமல், ஏச்சு விழுமென்று மறைக்காமல், "பிள்ளைக்குத் தேன் கொடுத்தோம்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். தளர்ந்த குழந்தைக்கு இரத்தத்தில் கிருமித்தொற்று என்று எண்ணி ஜென்டாமைசின் போடுவது வழக்கம். இந்த நோயில் அந்த மருந்து தளர்ச்சியைக் கூட்டிவிடும்.