வடு காட்டும் ஸ்கேன்

காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்கு மருத்துவர் டிஎம்எஸ்ஏ ஸ்கேன் எழுதுவார். சிறிதளவு கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படமெடுப்பார்கள். வேலை செய்யும் சிறுநீரகத் திசு மருந்தைப் பிடித்துக்கொண்டு ஒளிரும். வடு விழுந்த இடம் பள்ளமாகத் தெரியும்.

இடது 32, வலது 68 சதவீதம் என்று அறிக்கை வந்தால், மொத்த வேலையில் இடது சிறுநீரகத்தின் பங்கு குறைந்திருக்கிறது. வழக்கமாக ஒவ்வொன்றும் 45 முதல் 55 வரை இருக்கும். ஆனால் இது பங்கு மட்டுமே. இரண்டும் சமமாகக் கெட்டிருந்தாலும் 50-50 என்றே வரும். அதனால் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

தொற்றின்போது எடுத்தால் தற்காலிக வீக்கமும் வடுபோலவே தெரியும். ஆகவே வடுவை உறுதிசெய்ய நான்கிலிருந்து ஆறு மாதம் பொறுப்பார்கள்.