கடைச் சீட்டில் காணாமற்போகும் எழுத்துகள்

மளிகைக் கடையில் அரிசியும் பருப்பும் வாங்கினால், இந்நாளில் கடைக்காரர் பென்சிலால் சீட்டு எழுதித் தருவதில்லை. கைப்பேசியில் உள்ள பில் போடும் செயலியைத் தொடுகிறார். உள்ளங்கையில் அடங்கும் சிறு பிரிண்டரிலிருந்து சீட்டு வெளிவருகிறது. அச்சீட்டிலே சில வேளை பொருளின் பெயர் இருக்கும், விலை இராது. வேறு சில வேளை, 'அரிசி' என்று இருக்க வேண்டிய இடத்தில் கிரேக்க எழுத்தும் கோடும் கட்டமுமாக ஏதோ ஒன்று இருக்கும். கடைக்காரர் பிரிண்டர் கெட்டுவிட்டது என்கிறார். பிரிண்டர் விற்றவர் செயலியின் குற்றம் என்கிறார். பெரும்பாலும் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன. பிரிண்டரைப் பற்றிச் செயலி ஒருவிதமாக எண்ணிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரோ வேறுவிதமாக இருக்கிறது. அவ்வெண்ணம் எங்கே தவறுகிறது என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் இப்பிரிண்டரின் இயல்பைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். இதில் மை கிடையாது. சுருளாக உள்ள தாளின் மேற்பூச்சு, சூடு பட்டால் கறுக்கும் தன்மையது. பிரிண்டரின் தலைப்பகுதியில் நுண்ணிய வெப்பப் புள்ளிகள் ஒரே வரிசையாக அமைந்துள்ளன. வேண்டிய புள்ளிகள் மட்டும் சூடேறுகின்றன, தாள் அவற்றின்மீது உரசிக்கொண்டு நகர்கிறது, எழுத்து தோன்றுகிறது. இப்புள்ளிகள் ஒரு மில்லிமீட்டருக்கு 8 என்ற கணக்கில் இருக்கின்றன. எனவே, அகலத்தைப் புள்ளிக் கணக்கிலே சொல்லிவிடலாம்.

கடைகளில் இருவகைத் தாள்கள் வழங்குகின்றன. ஒன்று 58 மில்லிமீட்டர் அகலமுள்ளது. வியாபாரிகள் இதனை 'ரெண்டு இஞ்ச்' ரோல் என்பர். மற்றொன்று 80 மில்லிமீட்டர். இது 'மூணு இஞ்ச்'. ஆனால் தாளின் முழு அகலத்திலும் அச்சு விழாது. 58 மில்லிமீட்டர்த் தாளில் அச்சுக்கு உரியது சாதாரணமாக 48 மில்லிமீட்டரே. அதாவது 384 புள்ளிகள். 80 மில்லிமீட்டர்த் தாளில் 72 மில்லிமீட்டர். அதாவது 576 புள்ளிகள். பிரிண்டரில் வழக்கமாக உள்ள ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 12 புள்ளி அகலம் கொண்டது. ஆகவே சிறிய தாளில் ஒரு வரிக்கு 32 எழுத்துகளும், பெரிய தாளில் 48 எழுத்துகளும் அடங்கும்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடைக்காரரிடம் இருப்பது சிறிய பிரிண்டர். செயலியின் அமைப்பிலோ 80 மில்லிமீட்டர் என்று குறிக்கப்பட்டுள்ளது. செயலி ஒவ்வொரு வரியையும் 48 எழுத்துக்குத் திட்டமிடுகிறது: பெயருக்கு 24 இடம், அளவுக்கு 8, விலைக்கு 8, தொகைக்கு 8. இவ்வரி எழுத்துகளாகவே பிரிண்டருக்குச் சென்றால், 32 இடம் நிறைந்ததும் பிரிண்டர் எஞ்சிய 16-ஐ அடுத்த வரியின் இடப்புறத்தில் கொண்டுபோய்ப் போடும். விலையும் தொகையும் இடம் மாறிக் கிடக்கும். சீட்டு அலங்கோலமாகத் தோன்றினாலும் ஒன்றும் தொலைந்துபோகவில்லை. அதே வரி ஒரு படமாக வரையப்பட்டுச் சென்றால் கதை வேறு. படத்தின் அகலம் 576 புள்ளி. பிரிண்டரிடம் உள்ளவை 384. மிகுதியான 192 புள்ளிகளைப் பெரும்பாலான பிரிண்டர்கள் மறுவரிக்குக் கொண்டுபோவதில்லை, விட்டுவிடுகின்றன. 192-ஐ 12-ஆல் வகுத்தால் 16. விலைக்கும் தொகைக்கும் ஒதுக்கிய இடங்களே அந்தப் பதினாறும்! பெயரும் அளவும் மட்டும் உள்ள சீட்டு வாடிக்கையாளர் கைக்கு வருகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். மிகுதி அடுத்த வரிக்கு மடங்கினால் செயலி எழுத்துகளை அனுப்புகிறது. வலப்புறம் வெட்டுண்டால் படத்தை அனுப்புகிறது. சீட்டைப் பார்த்த மாத்திரத்திலேயே இதனைச் சொல்லிவிடலாம்.

முழுவதும் வெட்டுண்ட சீட்டைவிடச் சிறிதளவு வெட்டுண்ட சீட்டே தீங்கானது என்பது என் கருத்து. தொகையே இல்லாத சீட்டை யாரும் கவனித்துவிடுவர். படத்தின் அகலம் 400 புள்ளியாக அமைந்துவிட்டது என்று கொள்வோம். மிகுதி 16 புள்ளிதான். வெறும் 2 மில்லிமீட்டர். ஆனால் தொகை வலப்புற ஓரத்தை ஒட்டி நிற்பதால், 1250 என்பதன் கடைசிச் சுன்னம் முழுதும் போய், 5-இன் விளிம்பும் தேய்ந்து, 125 என்பது போலத் தோன்றும். மாதக் கடைசியில் அச்சீட்டைக் கொண்டு கணக்குத் தீர்க்கும் குடும்பத்திற்கும் கடைக்காரருக்கும் எத்தகைய பிணக்கு விளையும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, எழுத்து மாறாட்டம். பிரிண்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 65 என்ற எண் வந்தால் தன்னுள் பதிந்துள்ள பட்டியலில் 65-ஆம் இடத்தைப் பார்த்து, ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தை அச்சிடுகிறது. இப்பட்டியலைக் 'கோட் பேஜ்' என்பர். ஒரு பட்டியலில் 256 இடங்களே உண்டு. இவ்வகைப் பிரிண்டர்கள் பலவற்றில் முதற்பட்டியலாக இருப்பது 437 எனப்படுவது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியோடு வந்தது அது. அதில் தமிழ் இல்லை. 2010-இல் ஏற்கப்பெற்ற நம் ரூபாய்க் குறியும் இருப்பதற்கு வழியில்லை.

கைப்பேசியோ இன்று யூனிகோடு முறையில் எழுதுகிறது. அம்முறையை அனுப்புவதற்குப் பயன்படும் யூ.டி.எஃப்-8 வழியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்களாகச் செல்லும். 'அ' என்பது 224, 174, 133 என்ற மூன்று எண்கள். இம்மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து என்பது பிரிண்டருக்குத் தெரியாது. தனித்தனியே பட்டியலைப் பார்த்து மூன்று எழுத்துகளை அச்சிடுகிறது. 'அரிசி' என்ற சொல்லும், ரூபாய்க் குறியும் 437-ஆம் பட்டியலில் எவ்வாறு உருமாறுகின்றன என்று காணுங்கள்:

```
அரிசி  →  α«àα«░α«┐α«Üα«┐
₹      →  Γé╣
```

'அரிசி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில், 'ரி', 'சி' இரண்டின் இகரக் குறிகளும் தனியே எண்ணப்படுவதால் ஐந்து குறி. ஒவ்வொன்றும் மூன்று எண்ணாக, மொத்தம் பதினைந்து. அச்சிலும் பதினைந்து எழுத்து விழுந்திருக்கிறது. மூன்று இடத்தில் முடிய வேண்டிய பெயர் பதினைந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால், 32 இடமுள்ள வரி நிரம்பி வழியாமல் என் செய்யும்? எழுத்து மாறியதே தொகை இடம்பெயரவும் காரணமாயிற்று. இரண்டையும் வெவ்வேறு கோளாறாக எண்ணி அகலத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பவர்கள் வீணே அலைவர்.

மேலே கண்ட அச்சில் `α«` என்னும் இணை திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது நம் தமிழ் எழுத்துகளின் தலைமாற்றம். அதனைக் கண்டால், தமிழை 437-ஆம் பட்டியலால் படிக்கிறது பிரிண்டர் என்று துணியலாம். சில பிரிண்டர்களில் சீன எழுத்துகள் தோன்றும். அவை சீன முறையில் இயங்கிக்கொண்டு, பெரிய எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு சீன எழுத்தாகக் கொள்கின்றன. அம்முறையை விடுவிக்கவும், முதற்பட்டியலுக்குத் திருப்பவும், இப்பிரிண்டர்கள் பலவும் பின்பற்றும் எப்சன் கட்டளை மொழியில் இரு கட்டளைகள் உள்ளன. செயலி அமைப்போர் சீட்டின் தொடக்கத்தில் இவற்றை அனுப்புவர்:

```
1C 2E
1B 74 00
```

இவற்றால் சீன எழுத்து நீங்கும். ஆனால் தமிழ் வந்துவிடாது. பட்டியலில் இல்லாத எழுத்தை எக்கட்டளையாலும் வரவழைக்க இயலாது. ரூபாய்க் குறிக்கு மாற்றாக `Rs.` என்று ஆங்கில எழுத்திலே போட்டால் அது தவறாமல் விழும். தமிழ்ப் பெயருக்கு உறுதியான வழி ஒன்றே: கைப்பேசியே எழுத்துகளை வரைந்து, முழு வரியையும் படமாக அனுப்புவது. தமிழ் எழுத்துகளைப் பிரிண்டருக்குள் பதித்து வைத்தாலும் தொல்லை முற்றும் தீராது. 'கொ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்திற்கு முன்னும் கால் பின்னுமாக நிற்க வேண்டும். யூனிகோடிலோ உயிர்க்குறி ககரத்திற்குப் பின்னரே வருகிறது. இவ்வொழுங்கு கைப்பேசிக்குத் தெரியும்; பிரிண்டருக்குத் தெரியாது.

படமாக அனுப்பும்போது பழைய அகலக் கேள்வி மீண்டும் எழும் என்பதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். படம் 384 புள்ளிக்குள் அமைய வேண்டும். தாள் 58 மில்லிமீட்டர்தானே என்று 58-ஐ 8-ஆல் பெருக்கி 464 புள்ளிக்கு வரைந்தால், 80 புள்ளி, அதாவது 10 மில்லிமீட்டர், வெட்டுண்டு போகும். தாளின் அகலத்தையும் அச்சின் அகலத்தையும் ஒன்றெனக் கொள்ளும் இப்பிழையில் படித்தவர்களும் விழுகிறார்கள்.

ஒரு கடையில் இக்கோளாறு நேர்ந்தால், முதலில் பிரிண்டரை அணைத்துவிட்டு, தாள் நகர்த்தும் பொத்தானை அழுத்தியவாறே மீண்டும் விசையைப் போடுங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் தம்மைப் பற்றிய சோதனைச் சீட்டொன்றை அச்சிடும். அதிலே எழுத்துகள் தெளிவாக இருந்தால் தலைப்பகுதி நலமாக உள்ளது. பட்டியல்களின் எண்ணும் பலவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். பின்னர்ச் செயலியில் பொருளின் பெயராக இவ்வரியை இட்டு ஒரு சீட்டு எடுங்கள்:

```
12345678901234567890123456789012
```

இதில் 32 எண்கள் உள்ளன. எந்த இடத்தில் வரி மடங்குகிறது அல்லது அறுபடுகிறது என்று எண்ணிப் பார்த்தால், செயலி எத்தனை இடமென்று எண்ணியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். செயலியே பெயரைக் குறுக்கிவிட்டால், பெயருக்கு அது ஒதுக்கிய இடம் எவ்வளவு என்பதை அறிந்துகொள்ளலாம்.

மேலே சொன்னவை யாவும் ஒவ்வொரு சீட்டிலும் ஒரே இடத்தில் நிகழும் குற்றங்கள். சீட்டின் மேற்பகுதி செவ்வையாக வந்து, நடுவில் திடீரென்று குப்பை எழுத்துகள் தோன்றி, அவ்விடமும் சீட்டுக்குச் சீட்டு மாறினால், காரணம் வேறு. பிரிண்டரின் நினைவகம் சிறியது. தலை அச்சிடுவதைவிட விரைவாகக் கைப்பேசி படத்தைத் தள்ளினால், சில எண்கள் தவறிப்போகும். அதன்பின் வரும் படப்புள்ளிகளை எழுத்தென்று மயங்கி அச்சிடுகிறது பிரிண்டர். நீண்ட படத்தைத் துண்டு துண்டாக, இடையிடையே சிறிது நிறுத்தி அனுப்பும் அமைப்பு செயலியில் இருந்தால் அதனைப் போட வேண்டும். மின்கலத்தையும் நிரப்பிவிட்டுப் பார்ப்பது நல்லது. நெடுங்கோடுகளும் கறுத்த பட்டைகளும் அதிக மின்சாரத்தை வாங்குவதால், சோர்ந்த மின்கலம் அவ்விடத்திலேயே பிரிண்டரை அணைத்துவிடுவதும் உண்டு.