பழைய பதிலும் புதிய கேள்வியும்: உழவர் வினாக்களில் ஒப்புமைத் தேடல்

2004ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் மத்திய அரசு கிசான் அழைப்பு மையங்களைத் தொடங்கியது. 1800-180-1551 என்ற கட்டணமில்லாத எண்ணில் உழவர்கள் தம் ஐயங்களைத் தம் மொழியிலேயே கேட்டுத் தெளியலாம். ஒவ்வோர் அழைப்பும் பதிவு செய்யப்படுகிறது. நாள், மாநிலம், மாவட்டம், வட்டாரம், பயிர், கேட்ட கேள்வி, அளித்த பதில் ஆகியவை அப்பதிவில் இடம்பெறுகின்றன. இப்பதிவுகள் அரசின் திறந்த தரவுத் தளத்தில் வெளியிடப்பட்டும் உள்ளன. உழவர் வினாக்களுக்கு விடையளிக்கக் கணினி மொழி மாதிரிகளைப் பயன்படுத்த முயல்வோருக்கு இவை பெரிதும் உதவக்கூடியவை.

மொழி மாதிரி இந்த உரையாடல்களை நினைவில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அதன்முன் வைக்கப்படும் வினாவுரை, அதாவது 'பிராம்ப்ட்', எதைக் கொண்டிருக்கிறதோ அதனையே அது முதன்மையாகக் கொண்டு விடை எழுதுகிறது. பல இலட்சம் பதிவுகளை ஒரு வினாவுரையில் அடக்க இயலாது. ஆகவே, புதிய கேள்விக்குப் பொருத்தமான மூன்று அல்லது நான்கு பழைய உரையாடல்களைத் தேர்ந்து அதனுடன் சேர்க்க வேண்டியுள்ளது. விடையின் தரம் பெரும்பாலும் இத்தேர்வைப் பொறுத்தே அமைகிறது.

சொல்லைத் தேடுவதும் பொருளைத் தேடுவதும்

தென் அந்தமானில் சௌல்தாரியில் கமுகு பயிரிடும் ஒருவர், "பாக்கு மரத்துக்கு மழைக்கு முன்னால் மருந்து எப்போது அடிக்க வேண்டும்?" என்று ஏப்ரல் மாதத்தில் கேட்பதாகக் கொள்வோம். பழைய பதிவில் இதே செய்தி "கமுகில் காய் அழுகலைத் தடுக்கப் போர்டோ கலவை தெளிக்கும் காலம்" என்று எழுதப்பட்டிருக்கலாம். பல பதிவுகளில் உழவர் பேசியதை மையப் பணியாளர் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதியிருப்பதும் உண்டு. சொற்கள் ஒத்துள்ளனவா என்று மட்டும் பார்க்கும் தேடல் இங்குப் பயன்படாது.

இக்குறையைப் போக்கவே 'எம்பெடிங்' முறை கையாளப்படுகிறது. ஒரு வாக்கியம் நீண்ட எண் வரிசையாக, அதாவது ஒரு திசையனாக மாற்றப்படுகிறது. பொருளில் நெருங்கிய வாக்கியங்களின் திசையன்கள் ஏறத்தாழ ஒரே திசையை நோக்குமாறு இம்மாற்றத்தைச் செய்யும் மாதிரி முன்னரே பயிற்றப்பட்டிருக்கும். 2020இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட LaBSE என்னும் மாதிரி ஒவ்வொரு வாக்கியத்தையும் 768 எண்களாக மாற்றுகிறது. அது தமிழ், வங்காளம், இந்தி உள்ளிட்ட 109 மொழிகளைக் கையாள்கிறது. ஒரே பொருளுடைய தமிழ் வாக்கியமும் வங்காள வாக்கியமும் அருகருகே அமைவதால், பல மொழி பேசுவோர் கலந்து வாழும் அந்தமானுக்கு இது ஏற்றதாகும்.

கணக்கு எளியது. விளக்கத்தின் பொருட்டு 768 எண்களுக்குப் பதிலாக மூன்று எண்களைக் கொள்வோம். சௌல்தாரி உழவரின் கேள்வி (0.8, 0.6, 0) என்க. போர்டோ கலவை பற்றிய பதிவு (0.6, 0.8, 0); கமுகுக்கு உரமிடும் காலம் பற்றியது (0.8, 0, 0.6), தென்னையில் காண்டாமிருக வண்டு பற்றியது (0, 0.6, 0.8). ஒவ்வொன்றின் நீளமும் 1 ஆதலின், நேரான எண்களைப் பெருக்கிக் கூட்டினால் ஒப்புமை அளவு கிடைக்கும். முதற்பதிவுக்கு 0.48 உடன் 0.48 சேர்ந்து 0.96 ஆகிறது. இரண்டாவதற்கு 0.64, மூன்றாவதற்கு 0.36. பொதுச்சொற்கள் குறைவாக இருப்பினும் போர்டோ கலவைப் பதிவே முதலிடம் பெறுகிறது.

இதற்குப் பெருங்கணினி தேவையில்லை. ஓர் இலட்சம் பதிவுகளின் திசையன்களைச் சேமிக்க, எண் ஒன்றுக்கு 4 பைட் வீதம், சுமார் 307 மெகாபைட் இடம் போதும். அனைத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பதை ஒரு சாதாரண மேசைக் கணினியே செய்துவிடும். தேடலை விரைவுபடுத்தும் தோராய முறைகள் கோடிக்கணக்கான பதிவுகள் உள்ள இடத்திலேயே தேவைப்படுகின்றன.

நெருங்கியது பொருந்துமா?

சிக்கல் இதற்குப் பின்னரே எழுகிறது. 0.96 பெற்ற பதிவு காசர்கோட்டில் இருந்து வந்தது என்றும், "மே மாத இறுதியில், பருவமழைக்கு முன் தெளிக்கவும்" என்பது அதன் பதில் என்றும் கொள்வோம். காசர்கோட்டிற்கு அப்பதில் சரியானதே. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1 ஆகும். ஆனால் அந்தமானை அம்மழை ஏறத்தாழ பத்து நாள் முன்னதாகவே அடைந்துவிடுகிறது. மே இறுதியில் சௌல்தாரித் தோட்டம் நனைந்து கொண்டிருக்கும். காய் அழுகல் நோயை உண்டாக்கும் பூசணம் ஈரத்தில் பரவுவது. போர்டோ கலவையோ நோய் பற்றுவதற்கு முன் குலைகளின்மீது படிந்திருக்க வேண்டிய காப்பு மருந்து. நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் முறைப்படி கலந்து தெளித்தாலும், காலம் தவறினால் செலவும் வீண், குலையும் வீண்.

கணக்கு இங்குப் பிழைபடவில்லை. இரு கேள்விகளின் பொருளும் உண்மையிலேயே ஒன்றுதான். இடமும் காலமும் கேள்வி வாக்கியத்தினுள் இல்லாததால் திசையனிலும் அவை இல்லை. ஆகவே இவற்றைத் திசையனிடம் விடாமல், பதிவின் மாவட்டம், நாள் ஆகிய பத்திகளைக் கொண்டு முதலில் வடிகட்ட வேண்டும். அந்தமான் பதிவுகளே முதலில் தேடப்பட வேண்டும். அங்குத் தக்கது கிடைக்காதபோது பிற மாநிலப் பதிவை எடுக்கலாம், ஆனால் வினாவுரையில் சேர்க்கும்போது "காசர்கோடு, மே மாதப் பதிவு, கேட்பவர் தென் அந்தமான், தேதிகளை அப்படியே கொள்ளற்க" என்ற குறிப்பும் உடன் செல்ல வேண்டும். இக்குறிப்பு இல்லாவிடில், மொழி மாதிரி பழைய பதிலின் தேதியைத் தயக்கமின்றி எடுத்து எழுதிவிடக்கூடும்.

இரண்டாவது இடர் வானிலை பற்றியது. அழைப்பு மையப் பதிவுகளில் வானிலைக் கேள்விகள் மிகுதி. "நாளை மழை வருமா?" என்ற புதிய கேள்விக்கு, அதே சொற்களில் அமைந்த நூற்றுக்கணக்கான பழைய கேள்விகள் மிக உயர்ந்த ஒப்புமையுடன் வந்து நிற்கும். அவற்றின் பதில்களோ எழுதப்பட்ட வாரத்திலேயே காலாவதியானவை. இத்தகைய பதிவுகளைக் கேள்வி வகையைக் கொண்டு தொகுப்பிலிருந்து முன்னரே நீக்கிவிட வேண்டும்.

மேலும், எந்தக் கேள்விக்கும் 'மிக நெருங்கிய' பதிவு ஒன்று இருந்தே தீரும். 0.36 பெற்ற தென்னை வண்டுப் பதிவு மட்டுமே இருந்திருப்பின் அதுவே முதலிடம் பெற்றிருக்கும். எனவே ஒரு கீழ் வரம்பு தேவை. அதற்குக் குறைந்தால் எதையும் சேர்க்காமல், கேள்வியை வேளாண் அலுவலருக்கு அனுப்புவதே முறை. அவ்வரம்பு மாதிரிக்கு மாதிரி வேறுபடுமாகையால், பிறர் சொன்ன எண்ணைக் கடன் வாங்குதல் கூடாது.

சோதித்தறிதல்

தேர்வு சரியாக நடைபெறுகிறதா என்பதை விடையின் நடையழகைக் கொண்டு அறிய இயலாது. தவறான பதிவிலிருந்தும் சீரான விடை பிறக்கும். தேடலைத் தனியே சோதிக்க வேண்டும். அவ்வட்டார உழவர்களின் உண்மையான கேள்விகள் நூறு தொகுக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் பதிவு எது, எதுவுமே பொருந்தாதவை எவை என்பதை உள்ளூர் நிலையறிந்த வேளாண் அலுவலர் குறித்துத் தரவேண்டும். பின்னர்த் தேடல் எடுத்துத் தரும் முதல் மூன்று பதிவுகளில் அது எத்தனை முறை இடம்பெறுகிறது என்று எண்ணலாம். பொருத்தமற்ற கேள்விகள் பெறும் ஒப்புமை அளவுகளைப் பார்த்தால் கீழ் வரம்பும் தெரியவரும்.

இந்த நூறு கேள்விகளில் மழைக்காலத் தொடக்கத்தைச் சார்ந்தவை சில கட்டாயம் இருக்க வேண்டும். பெருநிலத்துப் பதிவு தீவுக்குப் பொருந்தாமற் போவது அவற்றில்தான் முதலில் வெளிப்படும்.