4,500 ரூபாய் ரூமும் 1,800 ரூபாய் லாட்ஜும்: ஒரு கணக்கு

போன மே மாதம் கொடைக்கானலில் இரண்டு இரவுக்கு ரூம் போட்டிருந்தேன். காலை உணவோடு ஒரு இரவு 4,500. ஒரு புக்கிங் ஆப் வழியாக மொத்தம் 9,000 முன்னாடியே கட்டியாச்சு. போய் இறங்கினால், "ஓவர்புக்கிங் ஆயிடுச்சு சார், பக்கத்துல நம்ம ஆளோட இடம் இருக்கு" என்றார் மேனேஜர். டாக்ஸிக்கு 350 கொடுத்துப் போனால் அது ஒரு லாட்ஜ். ரிசப்ஷனில் தொங்கிய கட்டணப் பலகையில் எங்கள் ரூமுக்கு 1,800.

ராத்திரி எட்டு மணி, கூட அம்மா. வேறு வழியில்லாமல் தங்கினோம். ஆனால் தங்கிவிட்டால் 'ஒத்துக்கொண்டார்' என்று பிறகு சொல்வார்கள். அதனால் அப்போதே மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "வேறு வழியின்றித் தங்குகிறேன், வித்தியாசத்தைக் கேட்பேன்." பலகையைப் போட்டோ எடுத்தேன். லாட்ஜ் பில்லையும் டாக்ஸி ரசீதையும் வாங்கிக்கொண்டேன்.

எவ்வளவு கேட்கலாம்? விமானத்தில் என்றால் இதற்குப் பட்டியலே உண்டு. டிக்கெட் இருந்தும் இடமில்லை என்று இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானமும் தராவிட்டால் எவ்வளவு நஷ்டஈடு என்று டிஜிசிஏ விதி சொல்கிறது. ஹோட்டலுக்கு அப்படிப் பட்டியல் கிடையாது. நாம்தான் கணக்குப் போட்டு நிரூபிக்கணும்.

முழு 9,000-ஐயும் கேட்டால் நிற்காது. இரண்டு இரவு படுத்திருக்கிறோமே. வித்தியாசம் ஒரு இரவுக்கு 2,700, இரண்டுக்கு 5,400. டாக்ஸி 350 சேர்த்தால் 5,750. வெளியே சாப்பிட்ட காலை டிபனையும் நான் முதலில் சேர்த்திருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். அது ஏற்கெனவே அந்த 4,500-க்குள் அடக்கம், சேர்த்தால் இரண்டு தடவை கேட்டதாகிவிடும். மன உளைச்சலுக்கான தொகை தனி. அதை ஆணையம்தான் முடிவு செய்யும்.

ஹோட்டல் 1,000 ரூபாய்க்குக் கூப்பன் தர்றோம் என்றது. ஆப்காரர்கள் ஹோட்டலைக் கை காட்டினார்கள். இருவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன்.

இதில் எனக்குக் கை கொடுத்தது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. 1986 சட்டப்படி, பொதுவாக எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சனை நடந்த ஊரிலோதான் வழக்குப் போடணும். 5,750-க்காகப் பத்தமடையிலிருந்து திண்டுக்கல்லுக்கு யார் அலைவார்கள்? இப்போது புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே போடலாம். எனக்கு அது திருநெல்வேலி மாவட்ட ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். வக்கீல் கட்டாயமில்லை.

நோட்டீஸில் இதைத்தான் எழுதினேன்: பதினைந்து நாளில் 5,750 வராவிட்டால் திருநெல்வேலியில் சந்திப்போம். பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது. மன உளைச்சலுக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கு வழக்குப் போட்டிருக்கணும், நான் போடவில்லை. அந்த போட்டோவும் வாட்ஸ்அப் வரியும் இல்லையென்றால் இதுவும் வந்திருக்காது.