ஒரே விளம்பரம், மூன்று இடங்கள், மூன்று கணக்குகள்

தீபாவளிக்கு முன் ஒரு ஜவுளிக்கடை இன்ஸ்டாகிராமில் இரண்டு விளம்பரங்கள் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, ஒரு பெண் சேலையை உடுத்தி முந்தானையை விரித்துக் காட்டும் வீடியோ. மற்றொன்று, மடித்து வைத்த அதே சேலையின் புகைப்படம். இரண்டும் ஆளுக்கு 1,00,000 முறை திரையில் தோன்றின. வீடியோவைப் பார்த்துக் கடையின் இணையதளத்துக்குப் போக 740 கிளிக். புகைப்படத்துக்கு 1,000 கிளிக். கடைக்காரர் வீடியோவை நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த பணம் முழுவதையும் புகைப்படத்துக்குத் திருப்பிவிட்டார்.

அவர் நிறுத்தியது, இரண்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தை.

மெட்டா நிறுவனத்தின் விளம்பர மேலாண்மைப் பக்கத்தில் Breakdown என்றொரு பொத்தான் உண்டு. அதில் Placement என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஒற்றை வரியாக இருந்த கணக்கு இடவாரியாகப் பிரியும். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஃபீட் ஒரு வரி, தட்டத் தட்ட மாறும் ஸ்டோரி ஒரு வரி, முழுத்திரைக் குறும்படமான ரீல்ஸ் ஒரு வரி. நம் ஜவுளிக்கடையின் கணக்கு அங்கே இப்படிப் பிரிகிறது. ஃபீடில் வீடியோ 20,000 முறை காட்டப்பட்டு 300 கிளிக் பெற்றது, அதாவது ஆயிரத்துக்கு 15. புகைப்படம் அதே ஃபீடில் 60,000 முறை காட்டப்பட்டு 780 கிளிக், ஆயிரத்துக்கு 13. ஸ்டோரியில் வீடியோவுக்கு 30,000-க்கு 240, புகைப்படத்துக்கு 25,000-க்கு 175. ஆயிரத்துக்கு 8-ம் 7-ம். ரீல்ஸில் வீடியோவுக்கு 50,000-க்கு 200, புகைப்படத்துக்கு 15,000-க்கு 45. ஆயிரத்துக்கு 4-ம் 3-ம்.

மூன்று இடத்திலும் வீடியோதான் முன்னே நிற்கிறது. ஆனால் கூட்டிப் பார்த்தால் தோற்றுப்போகிறது. காரணம், எந்த விளம்பரம் எங்கே அதிகம் காட்டப்பட்டது என்பதுதான். எந்த இடத்தில் காட்டுவது என்ற முடிவை மெட்டாவிடமே விட்டுவிட்டால், நெட்டுவாக்கில் எடுத்த வீடியோவை அது ரீல்ஸில் நிறையக் காட்டலாம். படத்தை ஃபீடில் காட்டலாம். ரீல்ஸ் பார்ப்பவர் அடுத்த வீடியோவுக்குப் போகும் வேகத்தில் இருக்கிறார், எந்த விளம்பரமானாலும் அங்கே கிளிக் குறைவு. அந்தக் குறைவு முழுக்க வீடியோவின் தலையில் விழுந்துவிட்டது. புள்ளியியலில் இதை சிம்ப்சன் முரண் என்பார்கள். இங்கே கொடுத்தவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள். ஆனால் இடவாரியாகப் பிரிக்காத எந்த அறிக்கையிலும் இது நேரலாம்.

கிளிக் விஷயத்திலாவது மூன்று இடத்திலும் எண்ணப்படுவது ஏறக்குறைய ஒரே செயல். ‘பார்வை’ என்று வரும்போது அதுவும் இல்லை. ஃபீடில் கீழே தள்ளிக்கொண்டே போகிறவரின் திரையில் வீடியோ தானாக ஓடத் தொடங்கி, மூன்று விநாடி நின்றால் அது ஒரு மூன்று விநாடிப் பார்வை. ரீல்ஸில் வீடியோ திரை முழுவதையும் பிடித்துக்கொள்வதால் அதே மூன்று விநாடி எளிதாகக் கடந்துவிடும். ஸ்டோரியில் நண்பர்களின் பதிவுகளுக்கு நடுவே விளம்பரம் வருகிறது. கட்டைவிரல் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே பெயர் கொண்ட எண் மூன்று வெவ்வேறு பழக்கங்களை அளக்கிறது.

எதை எண்ணுவது என்ற விதியும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு வீடியோவை மக்கள் சராசரியாக எத்தனை விநாடி பார்த்தார்கள் என்று ஃபேஸ்புக் சொல்லிவந்த கணக்கில், மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களையே சேர்க்கவில்லை என்பது 2016-ல் வெளியே வந்தது. உடனே தள்ளிவிட்டவர்களை விட்டுவிட்டு மீதிப் பேருக்குச் சராசரி எடுத்தால் அது வீங்கத்தானே செய்யும்? நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது. யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓடத் தொடங்கினாலே, மறுபடி ஓடினாலும், ஒரு பார்வை. இந்தக் கணக்கையும் ஃபீட் கணக்கையும் கூட்டி ‘மொத்தப் பார்வை’ என்று அறிக்கையின் உச்சியில் போடுவதில் எந்தப் பொருளும் இல்லை. எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற எண்ணும் அப்படியே. ஒரே ஆள் காலையில் ஃபீடிலும் மாலையில் ஸ்டோரியிலும் விளம்பரத்தைப் பார்த்திருப்பார். மூன்று வரிகளைக் கையால் கூட்டினால் அவர் இரண்டு ஆளாகிவிடுவார்.

சில சமயம் இடம் காரணமே அல்ல, வெட்டுதான் காரணம். ரீல்ஸில் கணக்கின் பெயர், வாசகம், பொத்தான் எல்லாம் வீடியோவின் மேலேயே ஏறி உட்காரும். அடிப்பகுதியில் ஏறக்குறைய 35 சதவீதத்தை எழுத்தில்லாமல் விடச் சொல்கிறது மெட்டா. ஃபீடுக்காகச் செய்த வீடியோவில் ‘ரூ.1,499 மட்டும்’ என்று கீழ் ஓரத்தில் எழுதியிருந்தால், ரீல்ஸ் பார்ப்பவருக்கு அந்த விலை தெரியவே தெரியாது. விளம்பரத்தை வெளியிடும் முன் ஒவ்வொரு இடத்துக்குமான முன்னோட்டத்தைத் திறந்து பார்த்தால் இது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வடிவமைப்பாளர்கள் பலர் ஃபீட் முன்னோட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு.

பிரித்துப் பார்த்தவுடன் இன்னொரு ஆசை வரும்: செலவு அதிகமான இடத்தை மூடிவிடலாம் என்று. இங்கேதான் நிதானம் வேண்டும். ஸ்டோரியில் ஒரு ஆர்டருக்கு சராசரியாக 110 ரூபாய், ரீல்ஸில் 150 ரூபாய் என்று வரி காட்டுகிறது. ஆனால் ஸ்டோரியில் முதல் சில ஆர்டர்கள் 80 ரூபாய்க்குக் கிடைத்து, வாங்கக்கூடியவர்கள் தீர்ந்துபோய், அடுத்த ஆர்டர் 200 ரூபாய் ஆகும் நிலைக்கு வந்திருக்கலாம். மெட்டாவின் கணிப்பொறி பார்ப்பது முடிந்துபோன சராசரியை அல்ல, அடுத்த ஆர்டர் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதை. 150 ரூபாய்க்கு ரீல்ஸில் கிடைத்ததால்தான் பணத்தை அங்கே அனுப்பியது. ரீல்ஸை மூடினால் அந்தப் பணமும் ஸ்டோரிக்கே போய், ஒவ்வொரு ஆர்டரும் 200-க்கு மேல் விழும். மூடியவருக்குச் செலவு ஏன் கூடியது என்று கடைசிவரை புரியாது.

ஆகவே இடவாரிக் கணக்கு எதற்குப் பயன்படும் என்பதில் தெளிவு வேண்டும். இந்த இடத்தில் இந்த விளம்பரம் எப்படி ஓடுகிறது, எதை வெட்டித் திருத்த வேண்டும் என்று அது நன்றாகவே சொல்லும். எந்த இடம் உயர்ந்தது என்று சொல்லாது. இரண்டு விளம்பரங்களில் எது மேல் என்பதற்கும் அது பாதி விடைதான், ஏனென்றால் ஃபீடுக்குள்ளேயே வீடியோவை ஒருவகை ஆட்களுக்கும் படத்தை வேறுவகை ஆட்களுக்கும் கணிப்பொறி காட்டியிருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மெட்டாவிலேயே இருக்கும் ஏ/பி சோதனையை நடத்த வேண்டும்: ஆட்களைக் குலுக்கலில் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரே இடத்தில், ஒரே பட்ஜெட்டில், ஒரே நாட்களில் ஆளுக்கொரு விளம்பரம். ஒரு இடத்தில் ஏழெட்டு ஆர்டர்தான் வந்திருக்கிறது என்றால் அங்கே ஒப்பிட்டு முடிவெடுக்கவே கூடாது. இரண்டு பேர் மனம் மாறினால் விடையே தலைகீழாகிவிடும்.

விளம்பர ஏஜென்சியிடம் மாதாமாதம் அறிக்கை வாங்குகிற கடைக்காரர்கள் அடுத்த முறை ஃபீட், ஸ்டோரி, ரீல்ஸ் மூன்றுக்கும் தனித்தனி வரி கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் எத்தனை முறை காட்டப்பட்டது, எவ்வளவு செலவு, எத்தனை ஆர்டர் என்ற மூன்று எண்களாவது இருக்கட்டும். ‘பார்வை’ என்று எழுதியிருந்தால், எத்தனை விநாடிப் பார்வை என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.