தொட்டில் வைத்த ஈதி சாஹிப்

சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் நமக்குத் தெரியும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கராச்சியில் தம் சேவை நிலையங்களின் வாசலில் தொட்டில் வைத்தவர், குஜராத்தின் பாந்த்வாவில் பிறந்த அப்துல் சத்தார் ஈதி.

பிள்ளையை விட்டுச் செல்பவரிடம் அங்கே எந்தக் கேள்வியும் கிடையாது. பெயர் வெளியே தெரியும் என்று பயந்தால் தாய் வாசலுக்கே வரமாட்டாள். குழந்தை குப்பைமேட்டில் கிடக்கும். பாவத்துக்குத் துணைபோகிறார் என்று சிலர் ஏசினார்கள். தொட்டிலை அவர் எடுக்கவில்லை.

வளரும் பிள்ளைக்கு ஆவணங்களில் பாதுகாவலர் பெயர் வேண்டும். அந்த இடத்தில் தம் பெயரையும் மனைவி பில்கீஸ் பெயரையும் கொடுத்தார்.

2016 ஜூலை 8 அன்று வஃபாத்தானார். அவர் கப்ரை அல்லாஹ் விசாலமாக்குவானாக. ஆமீன்.